பேசினில் படியும் நீலப்பச்சைக் கறை

வாஷ்பேசினில் குழாய் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே, வடிகால் துளையை நோக்கி, நாக்கு நீட்டியதுபோல் ஒரு நீலப்பச்சைக் கோடு விழும். குளியலறை ஓடுகளில் அது ஷவருக்குக் கீழே, ஓடுகளின் இணைப்புச் சந்துகளில் தொடங்கும். கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் வழியும் தடம் முழுவதும் தெரியும். தேய்த்துக் கழுவினால் போய்விடும், ஆனால் சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் வந்துவிடும். இது பாசியோ அழுக்கோ அல்ல. வீட்டின் சுவருக்குள் ஓடும் செம்புக்குழாய் தண்ணீரில் கரைந்து, பேசினில் வந்து படிந்த செம்புக் களிம்பு.

நெடுநாள் தேய்க்காத செம்புப் பாத்திரத்தில் ஏறும் பச்சைக் களிம்பும் இதுவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கரைந்த நிலையில் செம்பு தண்ணீரில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. லிட்டருக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் செம்பு இருக்கும் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்தால் அது தெளிவாகவே இருக்கும். அந்தத் தண்ணீர் பேசினில் விழுந்து உலரும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது, அமிலத்தன்மை குறைகிறது. அதுவரை கரைந்திருந்த செம்பு கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் திரண்டு பீங்கானில் ஒட்டிக்கொள்கிறது. சோப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். சோப்பிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு செம்பு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பச்சை நிறப் பிசுக்காக மாறுகிறது. குளியல் தொட்டியில் நீர்மட்டம் நின்ற இடத்தில் வளையமாகப் படிவது பெரும்பாலும் இந்தப் பிசுக்குதான்.

கறை சொட்டும் குழாயின் கீழே மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. விநாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயிலிருந்து ஒரு நாளில் ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர் போகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு என்றால், நாளுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல், ஆண்டுக்கு 3 கிராம் செம்பு அந்த ஒரே தடத்தின் வழியாக நகர்கிறது. அதில் சிறு பகுதி தங்கினாலே கறைக்குப் போதும். அதோடு, இவ்வளவு மெதுவாக நகரும் தண்ணீர் குழாய்க்குள் பல மணி நேரம் செம்போடு ஒட்டியே கிடக்கிறது. அதனால் வேகமாக ஓடும் தண்ணீரைவிட அதில் செம்பும் கூடுதலாக இருக்கும்.

தண்ணீர் ஏன் செம்பைத் தின்கிறது

வெறும் அமிலம் மட்டும் செம்பைக் கரைத்துவிடாது. இரும்பை அரிப்பதுபோல் நீர்த்த அமிலம் செம்பை அரிப்பதில்லை. தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோ, நகராட்சி நீரில் சேர்க்கும் குளோரினோ முதலில் செம்பைத் தாக்க வேண்டும். நல்ல தண்ணீரிலும் இந்தத் தாக்குதல் நடக்கிறது. ஆனால் அங்கே அது தானாகவே அடங்கிவிடும். குழாயின் உட்புறத்தில் முதலில் செம்பழுப்பு நிற ஆக்சைடு படலமும், காலப்போக்கில் அதன்மேல் பச்சைக் கார்பனேட் படலமும் உருவாகி, உலோகத்துக்குப் போர்வையாக நிற்கின்றன. பல பத்தாண்டுகளாகச் சிக்கலின்றி ஓடும் செம்புக்குழாய்களைக் காப்பது இந்தப் படலம்தான்.

அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் இந்தப் படலம் நிலைப்பதில்லை. உருவாகும்போதே கரைந்துவிடுகிறது, செம்பு எப்போதும் புதிதாகத் திறந்து கிடக்கிறது. தண்ணீரின் அமிலத்தன்மையைப் பி.எச். அளவில் சொல்வார்கள். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பி.எச். 6.5-க்குக் கீழே போனால் செம்புக்குழாய் உள்ள வீட்டில் கறையை எதிர்பார்க்கலாம். 6-க்குக் கீழே என்றால் அநேகமாகக் கறை வந்தே தீரும்.

பி.எச். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தண்ணீரில் எவ்வளவு கரியமில வாயு கரைந்திருக்கிறது, அதைத் தாங்கும் காரத்தன்மை எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். பி.எச். 7.1 என்று பார்வைக்கு நல்லபடியாக இருந்தும், கரியமில வாயு மிகுந்த கிணற்று நீர் செம்பைக் கரைப்பதுண்டு. ஜெர்மனியின் தரவிதி இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பி.எச். 7.4-க்கு மேல் இருந்தால் செம்புக்குழாய் போடலாம் என்றும், 7.0-க்கும் 7.4-க்கும் இடையில் இருந்தால் தண்ணீரிலுள்ள கரிமப் பொருளின் அளவையும் பார்த்த பிறகே போட வேண்டும் என்றும் சொல்கிறது. செம்புக்குழாய் பதிக்கும் எல்லா ஊர்களுக்கும் பொருத்தமான எச்சரிக்கை இது.

கருங்கல் நாட்டுக் கிணறுகள்

இந்தக் கறை பெரிதும் பேசப்படும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்து. அங்குள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குக் கருங்கல் மாநிலம் என்றே செல்லப்பெயர். மழைநீர் இயல்பிலேயே சற்று அமிலமானது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் மாசில்லாத மழையின் பி.எச். கூட 5.6 அளவில்தான் இருக்கும். மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவும் அதில் சேர்கிறது. சுண்ணாம்புப் பாறை உள்ள நாட்டில் இந்த நீர் பாறையைக் கொஞ்சம் கரைத்துத் தன் அமிலத்தைத் தீர்த்துக்கொண்டு கடினநீராக வெளியே வரும். கருங்கல்லில் கரைவதற்குச் சுண்ணாம்பு கிடையாது. ஆகவே மென்மையான, அமிலம் தீராத தண்ணீர் அப்படியே கிணற்றில் ஊறுகிறது. பாறைக்குள் நெடுநாள் தங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரைவிட, மேல்மண்ணிலிருந்து ஊறும் ஆழமில்லாத கிணறுகளின் நீரில் இது கடுமையாக இருக்கும்.

அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த வீடுகளில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரும்பாலும் செம்புக்குழாய்களே பதிக்கப்பட்டன. வீட்டுக் கிளைக்குழாயாகப் பரவலாகப் போடப்பட்ட அரை அங்குல மெல்லிய ரகத்தின் சுவர்த் தடிமன் 0.7 மில்லிமீட்டர்தான். அரிப்பு ஒரே சீராக நடந்தால் இதுவும் நெடுங்காலம் தாங்கும். ஆனால் அரிப்பு வளைவுகளிலும், வெட்டிய முனையைச் செதுக்கிச் சமன் செய்யாமல் விட்ட இணைப்புகளிலும், சூடான நீர் வேகமாகச் சுழலும் இடங்களிலும் குவிகிறது. அங்கே ஊசிமுனைத் துளை விழும். ஓட்டையை அடைக்க வரும் பிளம்பர் வெட்டியெடுக்கும் துண்டை வாங்கிப் பார்ப்பது நல்லது. உட்புறத்தில் பழுப்புப் படலம் வழுவழுப்பாக இருந்தால் குழாய் நலமாக இருக்கிறது. செம்பு பளபளவென்று வெறுமையாக இருந்தாலோ, குழி குழியாகப் பச்சைப் பொருக்கு கட்டியிருந்தாலோ, எஞ்சிய குழாயும் அதே வழியில் போகிறது என்று பொருள்.

அமெரிக்கச் சட்டத்தில் ஓர் இடைவெளியும் உண்டு. 1991-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஈயத்துக்கும் செம்புக்குமான விதியைக் கொண்டுவந்து, செம்புக்கு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்ற நடவடிக்கை வரம்பை வைத்தது. இது பொதுக் குடிநீர் வழங்கும் அமைப்புகளுக்கான விதி. சொந்தக் கிணறு வைத்திருப்பவர்களை அது கட்டுப்படுத்தாது. சோதிப்பதும் சரிசெய்வதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. நியூ ஹாம்ப்ஷயரில் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சொந்தக் கிணற்றையே நம்பியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தண்ணீரில் கோளாறு இருப்பதைக் காட்டும் முதல் அடையாளம் பேசினில் விழும் இந்தக் கோடுதான்.

எப்படி உறுதி செய்வது

முதலில், கறை செம்புதானா என்று பார்க்க வேண்டும். பாசி வழவழப்பாக இருக்கும், வெளிச்சம் படும் ஈரமான இடத்தில் வளரும், பிரஷ் பட்டால் வந்துவிடும். செம்புக் கறை சொரசொரப்பாக, தண்ணீர் ஓடிய தடத்தில் மட்டும் இருக்கும். சோப்புத்தூள் அதை அசைக்காது, எலுமிச்சைச் சாறு பட்டால் இளகும். துர்நாற்றம் நீக்கக் கழிப்பறைத் தொட்டியில் போடும் நீல வில்லைகளும் கோப்பையில் நிறம் விடும் என்பதால், அவற்றை எடுத்துவிட்டுச் சில நாள் பார்ப்பது நல்லது. வெந்நீர்க் குழாயின் கீழே கறை கூடுதலாக இருப்பதும், காலையில் முதல் வாய்த் தண்ணீரில் உலோகச் சுவை தெரிவதும் துணைச் சான்றுகள். வெளிர்நிறத் தலைமுடி உள்ளவர்களுக்கு முடியில் பச்சைச் சாயல் ஏறுவதும் உண்டு.

அடுத்தது ஆய்வகச் சோதனை. இங்கே தண்ணீரை எடுக்கும் முறைதான் முக்கியம். இரவில் குறைந்தது 6 மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் சமையலறைக் குளிர்நீர்க் குழாயைத் திறந்தவுடன் வரும் முதல் லிட்டரை ஒரு புட்டியில் பிடிக்க வேண்டும். அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆறில் ஒரு லிட்டர் நீர் நிற்கும். ஆகவே அந்த முதல் லிட்டர் என்பது பேசினுக்கு அருகிலுள்ள ஏறத்தாழ 6 மீட்டர் குழாயில் இரவு முழுக்க ஊறிய நீர். பிறகு 5 நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது புட்டி. மூன்றாவது, குழாய் வலைக்குள் நுழையுமுன் கிணற்று மோட்டார் அருகிலேயே பிடிப்பது.

மூன்றையும் ஒப்பிட்டால் காரணம் தெளிவாகும். கிணற்று நீரில் செம்பே இல்லாமல், முதல் லிட்டரில் மிகுந்து, ஓடவிட்ட நீரில் குறைந்திருந்தால், செம்பு வருவது வீட்டுக் குழாயிலிருந்துதான். பி.எச். அளவைக் கிணற்றடியிலேயே எடுக்க வேண்டும். புட்டியில் அடைத்து ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் கரியமில வாயு கொஞ்சம் வெளியேறி, எண் உண்மையைவிட உயர்ந்து காட்டும். இந்தத் தவறால் அமிலநீர் நல்லநீர் என்று சான்று பெற்றுவிடுவதுண்டு.

வீடு புதிதாக இருந்தால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. புதுச் செம்புக்குழாய் படலம் கட்டும் வரை, நல்ல தண்ணீரிலும் முதல் சில மாதங்கள் செம்பை விடும். பற்றவைக்கும்போது பூசிய பசை உள்ளே தங்கியிருந்தாலும் அப்படித்தான். பி.எச். 7.5, காரத்தன்மை நன்றாக இருக்கிறது என்றால் குழாய்களை நன்றாக ஓடவிட்டு, சில மாதம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்கலாம்.

அதே புட்டியில் ஈயத்தையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1986-இல் தடை வரும்வரை செம்புக்குழாய்களை இணைக்கப் பாதி ஈயம், பாதி வெள்ளீயம் கலந்த பற்றாசையே பயன்படுத்தினார்கள். பித்தளைக் குழாய்த் தலைகளிலும் ஈயம் கலந்திருந்தது. செம்பைக் கரைக்கும் அதே தண்ணீர் அந்த ஈயத்தையும் கரைக்கிறது. செம்பு நீலப்பச்சையாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஈயம் நிறமும் விடாது, சுவையும் காட்டாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய வீட்டில் செம்புக் கறை தெரிகிறது என்றால் ஈயமும் இருக்கலாம் என்று எண்ணிச் சோதிப்பதே சரி.

செம்பு உடலுக்குச் சிறிதளவு தேவைப்படும் சத்து. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. இந்தியத் தரவிதி 0.05 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராமைப் பொறுக்கத்தக்க எல்லையாகவும் வைத்திருக்கிறது. அதற்கு மேல் கூடக் கூட குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும். கல்லீரலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களும், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளும் கூடுதலாகக் காக்கப்பட வேண்டியவர்கள். சோதனை முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் காலையில் தண்ணீர் நன்றாகக் குளிரும்வரை ஓடவிட்டுப் பிடிப்பதும், வெந்நீர்க் குழாயிலிருந்து சமையலுக்கு எடுக்காமல் இருப்பதும் எளிய தற்காப்பு. கொதிக்கவைப்பதால் செம்பும் ஈயமும் போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

தண்ணீரைத் திருத்துவது

கருங்கல் நாட்டில் பாறை செய்யாமல் விட்ட வேலையை வீட்டுக்குள் ஒரு தொட்டியில் செய்வதுதான் முதன்மையான தீர்வு. நொறுக்கிய கால்சைட், அதாவது தூய சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்குக்கல் குருணை நிரப்பிய தொட்டி வழியாக வீட்டுக்கு வரும் மொத்த நீரையும் செலுத்துவார்கள். அமிலநீர் குருணையைக் கொஞ்சம் கரைத்து, தன் கரியமில வாயுவைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது. அமிலம் தீரத் தீரக் கல் கரைவது தானாகவே மெதுவாகி நின்றுவிடும் என்பது இதன் சிறப்பு. மின்சாரம் போனாலும், ஒருவாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாலும் மருந்து அளவு மீறாது.

இதைக் கணக்காகப் பார்க்கலாம். நியூ ஹாம்ப்ஷயர் வகைத் தண்ணீருக்கு உதாரணமாக, கிணற்று நீரின் பி.எச். 6.0, காரத்தன்மை லிட்டருக்கு 15 மில்லிகிராம், கடினத்தன்மை 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களிலிருந்து, அந்தக் குளிர்ந்த நீரில் லிட்டருக்கு 38 மில்லிகிராம் அளவில் கரியமில வாயு கரைந்திருக்கிறது என்று கணிக்கலாம். தொட்டியில் அதில் 30 மில்லிகிராம் தீர்ந்தால் போதும். ஒரு மில்லிகிராம் கரியமில வாயுவைத் தீர்க்க 2.27 மில்லிகிராம் கால்சைட் கரைய வேண்டும் என்பதால், லிட்டருக்கு 68 மில்லிகிராம் கல் செலவாகும். காரத்தன்மை 15-லிருந்து 83-க்கு ஏறும், பி.எச். 7.4 ஆகும். செம்பின்மேல் படலம் நிற்கத் தொடங்க இது ஏற்ற நிலை. கடினத்தன்மை 20-லிருந்து 88 ஆகும். சோப்பு முன்புபோல் சட்டென்று நுரைக்காது, கெண்டியில் லேசாக வெள்ளை படியும். இந்தத் தீர்வுக்குக் கொடுக்கும் விலை அவ்வளவுதான்.

அந்த வீட்டில் நாளுக்கு 800 லிட்டர் செலவாகிறது என்றால், தினமும் 54 கிராம் கல் கரையும். ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோ. வழக்கமாகப் பொருத்தப்படும் 25 சென்டிமீட்டர் விட்டமும் 137 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டியில் 65 கிலோ அளவுக்குக் குருணை கொள்ளும். ஆக, ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, குறைந்த அளவைக் கொட்டி நிரப்பினால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்காது. தொட்டி தோற்றுப்போகும் வீடுகளில் பெரும்பாலும் இந்த ஒரு வேலையைத்தான் மறந்திருப்பார்கள். கல் குறைந்ததும் தண்ணீர் அதைத் தொடும் நேரம் குறைகிறது, பி.எச். சத்தமில்லாமல் சரிகிறது, கறை திரும்பி வருகிறது.

அளவும் பொருந்த வேண்டும். மேற்சொன்ன தொட்டி நிமிடத்துக்கு 12 லிட்டர் அளவிலான ஓட்டத்தை நன்றாகச் சமாளிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் திறந்தால் நீர் பாதித் திருத்தத்தோடு தாண்டிவிடும். பெரிய குடும்பத்துக்குப் பெரிய தொட்டி வேண்டும். நீரில் இரும்பு இருந்தால் அது குருணையைப் போர்த்தி வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால் தொட்டியை அவ்வப்போது எதிர்த்திசையில் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும்.

பி.எச். 6-க்குக் கீழே போகும் நீருக்குக் கால்சைட் மட்டும் போதாமல் போகலாம். அப்போது மக்னீசியம் ஆக்சைடு கொஞ்சம் கலப்பார்கள். அது விரைவாகவும் கடுமையாகவும் வேலை செய்யும், ஆனால் தானாக நிற்காது. இரவு முழுக்கத் தொட்டியில் நின்ற நீரில் பி.எச். 9-ஐத் தாண்டிவிடும். அளவு மிஞ்சினால் குருணை கட்டியாக இறுகி, உளி வைத்துக் கொத்தித்தான் எடுக்க நேரும். கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் தொடங்குவது பாதுகாப்பு. அதைவிட மிகுந்த அமிலநீருக்குச் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடாவின் நீர்மமற்ற தூய வடிவத்தைக் கரைசலாக்கி, சிறு பம்பு மூலம் சொட்டுச்சொட்டாகச் சேர்ப்பார்கள். இது கடினத்தன்மையைக் கூட்டாது. சோடியத்தைக் கூட்டும் என்பதால், உப்புக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கருங்கல் நாட்டுக் கிணறுகளில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் கரைந்து வருவதுண்டு. அங்கே காற்றேற்றும் கருவி வைத்தால் ஒரே வேலையில் ரேடானும் வெளியேறும், அமிலத்துக்குக் காரணமான கரியமில வாயுவில் பெரும்பகுதியும் வெளியேறும். ரேடான் அளவு தெரியாமல் முதலிலேயே கால்சைட் தொட்டி வாங்குவது அத்தகைய ஊரில் அவசர முடிவு.

விற்பனையாளர்கள் சிலர் இந்தக் கறைக்குக் கடினநீர் மென்மையாக்கியைத் தீர்வாகக் காட்டுவார்கள். அது கால்சியத்தை எடுத்துச் சோடியத்தை விடும் கருவி, அமிலத்தைத் தொடாது. ஏற்கெனவே மென்மையான நீருக்கு அதனால் பயனில்லை. சமையலறையில் பொருத்தும் ஆர்.ஓ. கருவி குடிக்கும் நீரிலிருந்து செம்பையும் ஈயத்தையும் நன்றாகவே குறைக்கும். ஆனால் சுவருக்குள் இருக்கும் குழாயை அது காப்பாற்றாது. ஆர்.ஓ. நீரே காரத்தன்மை இழந்து அமிலப் பக்கம் சாய்ந்த நீர் என்பதால், அதைச் செம்புக்குழாயில் செலுத்தினால் புதிதாகக் கறை தொடங்கும். குழாய்களையே பிளாஸ்டிக்குக்கு மாற்றினால் கறை நின்றுவிடும் என்பது உண்மை. துளை விழத் தொடங்கிய வீட்டுக்கு அதுவே சரி. ஆனாலும் பித்தளை இணைப்புகளும் வெந்நீர்த் தொட்டியும் அதே அமிலநீரில்தான் இருக்கும் என்பதால் நீரையும் திருத்தியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு. இங்கே கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது, குழாய்களும் பிளாஸ்டிக் அல்லது துத்தநாகம் பூசிய இரும்பு. பேசினில் வெள்ளைப் படிவும் இரும்பின் பழுப்பும்தான் வழக்கம். நீலப்பச்சை தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது கீசர். செம்புத் தொட்டி உள்ள கீசர்களும், உள்ளே செம்புச் சுருள் உள்ள கேஸ் கீசர்களும் உண்டு. வெந்நீர்க் குழாயின் கீழே மட்டும் கறை விழுந்தால் செம்பு அங்கிருந்துதான் வருகிறது. குரோம் பூச்சு உரிந்த பித்தளைக் குழாயின் மூக்கிலும் பச்சை கட்டும். கேரளத்தின் செம்புறைக்கல் நிலத்துக் கிணறுகளில் பி.எச். தாழ்ந்திருப்பது பரவலாக அறியப்பட்டது. அத்தகைய நீர் வரும் இடத்திலும், மழைநீரைச் சேமித்து அப்படியே வெந்நீர்க் கருவிக்கு விடும் வீட்டிலும் இந்தச் சிக்கல் வரலாம்.

கறையை எடுப்பது

தண்ணீரைத் திருத்தாமல் கறையை எடுத்தால் அது திரும்பி வரும். திருத்திய பிறகு எடுத்தால் பெரும்பாலும் ஒருமுறை போதும். முதலில் சொட்டும் குழாயின் வாஷரை மாற்றிவிட வேண்டும். செம்புக் களிம்பு மென்மையான அமிலத்தில் கரையும், பித்தளை விளக்கைப் புளி துலக்குவதும் இதே வேதியியல்தான். பீங்கானுக்கு வினிகர் அல்லது எலுமிச்சை உப்புக் கரைசல் நல்லது. துணியை அல்லது காகிதத்துண்டை அதில் நனைத்துக் கறைமேல் ஒட்டி, அரை மணி நேரம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். தடித்த படிவுக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். சோப்போடு சேர்ந்த பிசுக்கு என்றால், முதலில் பாத்திரம் துலக்கும் திரவத்தால் வெந்நீரில் கழுவி, பிறகு வினிகர் போட வேண்டும். கொழுப்பு நீங்காமல் அமிலம் உள்ளே இறங்காது.

பளிங்கு, சுண்ணாம்புக்கல், ஓடுகளுக்கிடையே உள்ள சிமெண்டுப் பூச்சு ஆகியவற்றில் அமிலம் கறையோடு கல்லையும் தின்னும். அங்கே அமிலம் சேராத, கல்லுக்கென்றே விற்கும் பசையைத் தடவி உறிஞ்சவிடுவதுதான் வழி. ஓட்டின் நடுவில் வினிகர் போடும்போதும் சந்துகளை முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்துக்கொண்டு, முடிந்தவுடன் கழுவிவிட வேண்டும். கழிப்பறை கழுவும் காட்டமான ஹைட்ரோகுளோரிக் அமிலம் செம்பை உடனே கரைக்கும். ஆனால் இரும்பின் மேல் எனாமல் பூசிய பழைய தொட்டியின் பளபளப்பை அது அரித்துவிடும். அரித்த இடம் சொரசொரப்பாகி அடுத்த கறையை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ப்ளீச்சிங் திரவம் செம்புக் கறையை எடுக்காது. அதை வினிகரோடோ அமிலத்தோடோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அம்மோனியா உள்ள திரவத்தோடு கலந்தால் வேறொரு நச்சுவாயு கிளம்பும். கதவை அடைத்த குளியலறையில் இரண்டுமே ஆபத்து.

தொட்டி பொருத்திய அன்றே செம்பு அளவு விழுந்துவிடாது. குழாயின் உள்ளே ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் பச்சைப் பொருக்கு கழுவிப் போகவும், புதிய படலம் கட்டவும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பிடிக்கும். முதல் மாதம் முடிந்ததும் திருத்திய நீரின் பி.எச். அளவைக் குழாயடியில் பார்த்துக்கொண்டு, மூன்று முதல் ஆறு மாதத்தில் காலை முதல் லிட்டரை மீண்டும் செம்புக்கும் ஈயத்துக்கும் சோதிக்க வேண்டும். செம்பு இறங்கி ஈயம் மட்டும் இறங்காமல் நின்றால், அந்த ஒரு குழாய்த் தலையையோ அதனடியில் பற்றவைத்த இணைப்பையோ மாற்றிவிட்டு மறுபடி சோதிக்கலாம்.